பைக்குள் பொங்கும் மாவு

கடை ஃபிரிட்ஜில் கிடக்கும் இட்லி மாவு பாக்கெட் உயிருள்ள சரக்கு. உள்ளே நடப்பதை அதன் உப்பலும் சுருக்கமும் வெளியே காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில், கடற்கழியைத் தாண்டி வாஷிக்குள் நுழைவதற்கு முன்னால் வரும் கடைசி நிலையம் மான்குர்த். அங்கிருந்து தெற்கே போனால் சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976-ல் ஜனதா காலனி காலி செய்யப்பட்டபோது, அங்கே வாழ்ந்த பல்லாயிரம் பேர் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பிற்பாடு ரயில் பாதையோரக் குடிசைகள் அகற்றப்பட்டபோது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டில் அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. வீடு என்றால் 225 சதுர அடி. கட்டில், பீரோ, டிவி, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாவற்றுக்கும் அதற்குள்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

இட்லி இல்லாமல் விடியாத குடும்பங்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கிரைண்டரை எங்கே வைப்பது? வைத்தாலும் அரை மணி நேரம் அது போடும் சத்தத்தைப் பக்கத்து வீடு பொறுக்குமா? அரிசி களையவும் கிரைண்டர் கழுவவும் தண்ணீர் வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். தமிழகத்தில் வசதியாக இருந்த பாக்கெட் மாவு இங்கே அவசியமாகிவிட்டதற்கு இதுதான் காரணம்.

அந்தப் பாக்கெட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், நான்கு ஓரமும் ஒட்டிய பிளாஸ்டிக் பை. முகப்பில் வாழை இலையில் வைத்த வெள்ளை வெளேரென்ற இட்லிகள், அல்லது பொன்னிறத்தில் சுருட்டிய தோசை. பை சில நாள் சுருக்கம் விழுந்து தொளதொளவென்று இருக்கும். சில நாள் தலையணை மாதிரி உப்பியிருக்கும். இரண்டு பாக்கெட் கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் உப்பியதைத்தான் எடுப்பார்கள். சுருங்கியது பழசு என்று ஒரு நினைப்பு. நிலவரம் அநேகமாக இதற்கு நேர் எதிர்.

சிப்ஸ் பாக்கெட் உப்பியிருந்தால் அது தொழிற்சாலையில் அடைத்த காற்று. மாவு பாக்கெட்டின் உப்பலை யாரும் அடைப்பதில்லை. அது மாவே விடும் மூச்சு. அரிசியோடும் உளுந்தோடும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள், ஊறவைத்த தண்ணீரில் விழித்துக்கொண்டு, அரைத்த மாவில் பெருகுகின்றன. அவற்றில் முக்கியமானது லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும் பங்கு இதற்குத்தான் என்று 1965-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பான லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளுவது அதன் சுபாவம்.

இந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. நன்றாக அரைபட்ட உளுந்தில் உள்ள புரதமும் வழவழப்பான பசையும் சேர்ந்து, சோப்பு நுரை போல வாயுவைக் குமிழ் குமிழாகச் சிறை வைக்கின்றன. அரிசிக் குருணை அந்த நுரைக்குள் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஆவியில் வெந்து கெட்டிப்பட்ட நுரைதான் இட்லி. உளுந்து சரியாக அரைபடாவிட்டால் வாயு தங்காது, இட்லி கல்லாகும். பொங்க வேண்டிய அளவுக்கு மேல் பொங்கினால் நுரை உடைந்து வாயு வெளியேறிவிடும். அப்போதும் இட்லி தட்டையாகத்தான் வரும்.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை குறுக்கே வருகிறது. பையை இறுக்கி ஒட்டிவிட்டால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் மாவு புளிக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். லூகோநாஸ்டாக்குக்குக் காற்று தேவையே இல்லை. மூடி ஒட்டிய பைக்குள் அது சௌகரியமாக வேலை பார்க்கும். சீல் வைத்தால் வெளியிலிருந்து அழுக்கும் பூஞ்சையும் உள்ளே போகாது, மாவு சிந்தாது. புளிப்பை நிறுத்த சீலால் முடியாது. அதைத் தாமதப்படுத்துவது குளிர் ஒன்றுதான்.

எவ்வளவு வாயு வரும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த பாக்டீரியா ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் சுமார் 130 மில்லி லிட்டர் கரியமில வாயு வெளியாகும். காபி டம்ளர் ஒன்று நிறைகிற அளவு. ஒரு கிலோ மாவில் ஐந்து கிராம் சர்க்கரை கரைந்தால் அரை லிட்டருக்கு மேல் வாயு. பை நிறைய மாவை அடைத்து ஓரத்தை ஒட்டினால் அது எங்கே போகும்? ஒட்டிய இடத்தைப் பிளந்துகொண்டு போகும். மாவு பாக்கெட்டில் எப்போதும் கால் பங்கு, அரைப் பங்கு இடம் காலியாக விடப்படுவது இதனால்தான். வாங்குகிறவர்கள் இதை அளவில் ஏமாற்று என்று சந்தேகிப்பதுண்டு. அளவைப் பார்க்க எடை அச்சிட்டிருக்கிறது. காலி இடம், மாவு மூச்சு விட ஒதுக்கிய அறை.

குளிர் இந்த விஷயத்தில் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவது. மும்பையில் மே மாதத்து 32 டிகிரியில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி முடியும் மாவு, 5 டிகிரியில் நாள்கணக்கில் இழுக்கும். இரண்டாவது வேலை அவ்வளவாக யாருக்கும் தெரியாதது. சோடா பாட்டிலைக் குளிர வைத்துத் திறந்தால் சீறல் குறைவு. வெயிலில் வைத்துத் திறந்தால் பொங்கி வழியும். குளிர்ந்த தண்ணீர் அதிக வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். மாவிலும் இதே கதைதான். ஒரு கிலோ மாவில் சுமார் 600 மில்லி லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 5 டிகிரியில் அந்தத் தண்ணீருக்குள் 800 மில்லி லிட்டருக்கு மேல் கரியமில வாயு கரைந்து ஒளிந்திருக்க முடியும். 30 டிகிரியில் 400 மில்லி லிட்டர்தான். மிச்சம் வெளியே வந்து பையை உப்ப வைக்கும்.

ஆகவே, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட் சுருக்கத்தோடு தொளதொளவென்று இருந்தால், அது தொடர்ந்து குளிரில் இருந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அதே பாக்கெட்டைக் கைப்பையில் போட்டு, குர்லாவிலிருந்து மான்குர்த்துக்குக் கூட்டத்தில் நசுங்கி வந்து சேரும்போது அது உப்பியிருக்கும். அந்த உப்பலை வைத்து மட்டும் மாவு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கரைந்திருந்த வாயு வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பல் வடிந்து பை மறுபடி சுருங்கினால் மாவு நல்ல நிலையில் இருக்கிறது. குளிர்ந்த பிறகும் விறைப்பாகவே இருந்தால், தண்ணீர் கரைக்கக்கூடிய அளவையும் மீறி வாயு உண்டாகியிருக்கிறது. எங்கோ வழியில் அது வெகுநேரம் வெப்பத்தில் கிடந்திருக்கிறது.

வழி என்பது தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வரும் வண்டியாக இருக்கலாம். பல சமயம் அது கடையிலிருக்கும் ஃபிரிட்ஜ்தான். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடைக்காரர்கள் உண்டு. காலையில் ஏழு மணிக்கு மீண்டும் போடுவார்கள். ஒன்பது மணிக்கு வரும் வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்தால் பை சில்லென்று இருக்கும். ஆனால் ஒரு தடயம் மிஞ்சும். நன்றாக உப்பி நெடுநேரம் விறைத்து நின்ற பிளாஸ்டிக், திரும்பக் குளிரும்போது பழைய நிலைக்கு முழுக்க வராது. காற்று இறங்கிய பலூன் போல மெல்லிய கசங்கல்கள் பை முழுக்க விழுந்திருக்கும். பையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் மாவுக்கு மேலேயோ கீழேயோ தெளிந்த தண்ணீர் தனியாக ஓடும். நுரை உடைந்து தண்ணீர் பிரிந்துவிட்டதற்கு அது சாட்சி. அந்த மாவில் தோசை வரும். இட்லி வராது.

இந்த ஒட்டிய பை வருவதற்கு முன்னால் இருந்தது முடிச்சுப் போட்ட பை. தமிழகத்திலும் பெங்களூரிலும் மும்பையின் தமிழ்ப் பகுதிகளிலும், அரைத்த மாவை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு விற்பது வழக்கம். பெங்களூரில் அப்படி விற்ற மாவைப் பார்த்துத்தான் 2005-ல் ஒரு தொழில் பிறந்தது. கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுமுறைச் சகோதரர்களும் சேர்ந்து 50 சதுர அடி இடத்தில் இரண்டு கிரைண்டர்கள், ஒரு மிக்சி, ஒரு சீல் வைக்கும் மெஷின் ஆகியவற்றோடு ஆரம்பித்தார்கள். முஸ்தபா போட்ட முதல் 25,000 ரூபாய்தான் மூலதனம். இட்லி, தோசை இரண்டின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து ஐ.டி. என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாளைக்கு 100 பாக்கெட் என்ற இலக்கை எட்டவே ஒன்பது மாதம் பிடித்தது. 2017-ல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் அதில் 150 கோடி ரூபாய் போட்டது.

அவர்களிடம் இருந்த மூன்று சாதனங்களில் கிரைண்டரும் மிக்சியும் எல்லா மாவுக் கடைகளிலும் இருப்பவை. வித்தியாசமானது சீல் மெஷின்தான். ரப்பர் பேண்ட் போட்ட பை உப்பினால் முடிச்சு வழியாக வாயு தானாகக் கசிந்துவிடும். பை வெடிக்காது. ஆனால் அதே வழியாக மாவும் கசியும், எறும்பும் பூஞ்சையும் உள்ளே வரும், பேரும் தேதியும் அச்சிட இடமில்லை. ஒட்டிய பை இந்தக் குறைகளைத் தீர்த்தது. பதிலுக்கு ஒரு புதுக் கடமையைச் சுமத்தியது. வாயு வெளியேற வழியில்லாததால், அரைத்த நிமிடம் முதல் அடுப்பில் ஏறும் நிமிடம் வரை மாவைக் குளிரிலேயே வைத்திருந்தாக வேண்டும். ஒட்டிய பையில் மாவு விற்கிறவர், கூடவே குளிரையும் விற்கிறார் என்று சொல்லலாம்.

சீல் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பையின் உட்புறம் பாலிதீன். சூடான பட்டை அழுத்தும்போது இரு பக்கமும் உருகி ஒன்றாகிவிடும். அப்படி ஆக, அந்த இடம் சுத்தமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மாவை ஊற்றும்போது வாய் ஓரத்தில் ஒரு சொட்டு பட்டுவிட்டால், அந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்கு நடுவே மாவு மாட்டிக்கொள்ளும். ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. இன்னொரு கோளாறு, ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் தளர்ந்து, ஒட்டும் கோட்டுக்குள்ளேயே சுருக்கம் விழுவது. அந்தச் சுருக்கம் தலைமுடி அளவு சுரங்கம் போல உள்ளிருந்து வெளியே போகும். பையின் வயிற்றில் இருக்கும் சுருக்கம் நல்லது, ஓரத்தில் இருக்கும் சுருக்கம் கெட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சந்தேகமாக இருந்தால், பையைக் காகிதத்தின் மேல் படுக்கப்போட்டு உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம். ஓரத்தில் ஈரம் பதிந்தால் அது ஓட்டைப் பாக்கெட். பாக்கெட் சுருங்கியிருப்பதற்குக் குளிர் காரணமா ஓட்டை காரணமா என்று பிரித்தறியவும் இதுதான் வழி.

பெரிய கம்பெனிக்குக் குளிர்ச்சாதன வண்டியும் கிடங்கும் இருக்கின்றன. சீத்தா கேம்பிலோ மகாராஷ்டிரா நகரிலோ வீட்டிலேயே மாவு அரைத்து விற்க நினைக்கும் ஒரு பெண்மணி என்ன செய்வார்? ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை 24 ஒரு கிலோ பாக்கெட் தர வேண்டும். எட்டு கிலோ இட்லி அரிசி, இரண்டு கிலோ உருட்டு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். காலை பத்து மணிக்கு ஊறவைத்து மூன்று மணிக்கு அரைக்கத் தொடங்கினால், தண்ணீரும் சேர்ந்து ஐந்து மணிக்கு 23, 24 கிலோ மாவு தயார். உப்பு கிலோவுக்குப் பத்து கிராம். அரைக்கும்போதே கிரைண்டர் கல் சூடேறும் என்பதால் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்திருக்கிறார்.

வழக்கமான முறைப்படி அவர் மாவைப் பெரிய அண்டாவில் மூடி வைக்கிறார். இரவு பதினொரு மணிக்கு அது பாதிக்கு மேல் பொங்கியிருக்கிறது. அதை 24 பையில் ஊற்றி, சீல் வைத்து, வீட்டு ஃபிரிட்ஜில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். இங்கேதான் தவறு நேர்கிறது. 32 டிகிரியில் இருக்கும் 24 கிலோ மாவை 5 டிகிரிக்குக் கொண்டுவருவது வீட்டு ஃபிரிட்ஜின் சக்திக்கு மீறிய வேலை. இரவு முழுக்க ஓடினாலும் அது திணறும். வெளி வரிசைப் பாக்கெட்டுகள் குளிரும். நடுவில் மாட்டிய பாக்கெட்டுகள் ஒன்றையொன்று போர்வை போலப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் புளிக்கும். காலையில் ஒரே அண்டாவில் அரைத்த மாவில் பாதி பாக்கெட் தொளதொளப்பு, பாதி பாக்கெட் தலையணை. வாங்கியவர்களில் பாதிப் பேர் பாராட்டுவார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். எங்கே பிசகியது என்று அவருக்கே புரியாது. உளுந்தைக் குறை சொல்வார்.

இதற்கு மாற்று, பொங்கும் வரை காத்திருக்காமல் மாலை ஐந்தரைக்கே பையில் போட்டுவிடுவது. ஒரு கிலோ மாவுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கொள்ளும் பை. உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு ஒட்டிய பாக்கெட்டுகளைத் தட்டையாகப் படுக்க வைத்து, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் முக்கி எடுப்பது. தட்டையான பை இரு பக்கமும் தண்ணீரைத் தொடுவதால் அண்டாவைவிடப் பல மடங்கு சீக்கிரம் குளிரும். பிறகு ஃபிரிட்ஜில், நடுவில் காற்றோட இடைவெளி விட்டு. இப்படிச் செய்தால் ஃபிரிட்ஜ் குளிரவைக்கும் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, குளிரைக் காத்தால் போதும். காலையில் எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கும். அது பொங்காத மாவு. வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: ராத்திரி இட்லிக்கு வேண்டுமென்றால் மத்தியானமே பாத்திரத்தில் ஊற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

இந்த ஒரு வார்த்தை சொல்ல முடிகிற தூரத்தில் இருப்பதுதான் வீட்டு வியாபாரியின் பலம். கம்பெனி பாக்கெட் தொழிற்சாலையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று நாள்கணக்கில் பயணம் செய்கிறது. வழியில் எவ்வளவு வெப்பம் படும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதற்காகத்தான் அத்தனை குளிரும் அத்தனை தடித்த பையும். பக்கத்துச் சந்துக்கு விற்கிற மாவுக்கு ஐந்து நாள் ஆயுள் எதற்கு? 300 மீட்டர் நடந்து போய்ச் சேர்ந்து அன்றைக்கே தீர்ந்துபோகிற மாவுக்குக் குளிர்ச்சாதன வண்டி தேவையில்லை. கம்பெனியைப் பார்த்துப் பத்து நாள் தேதி அச்சிட ஆசைப்படும்போதுதான் சிறு வியாபாரி மாட்டிக்கொள்கிறார். குளிர் இல்லாமல் ஆயுளை நீட்ட முயல்கிறவரின் கை சமையல் சோடா டப்பாவைத் தேடும்.

சோடா புளிப்பைக் கொன்று, வாயுவை வரவழைத்து, பழைய மாவைப் புதிது போல நடிக்க வைக்கும். ஆனால் அடுப்பு காட்டிக் கொடுத்துவிடும். சோடா கூடிய இட்லி வெந்ததும் வெளிறிய மஞ்சளாகத் தெரியும், நாக்கில் லேசாக சவர்க்கார வாடை அடிக்கும். தோசை, திருப்புவதற்குள் சீக்கிரமாகவே சிவந்து கருகும். நன்றாகப் புளித்த மாவின் இட்லிக்கு அந்த மஞ்சள் வராது.

சோடாவுக்குப் போகாமல் மாவின் நுரையைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியை மான்குர்த்திலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளியிருக்கும் மாதுங்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1933-ல் தொடங்கப்பட்ட ரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் உணவியல் விஞ்ஞானிகள், இட்லி மாவில் தண்ணீர் பிரியாமல் தடுக்க எந்தப் பசை உதவும் என்று சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். பெங்களூரில் அந்த 50 சதுர அடிக் கடை திறந்ததும் அதே ஆண்டுதான். சோதித்தவற்றில் நன்றாக வேலை செய்தது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின். மும்பைக் காய்கறிக் கடையில் கவார் என்று கேட்டு வாங்கும் அதே கொத்தவரைதான். தேவையான அளவு 0.1 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு கிராம். அந்தப் பிசின் குமிழ்களைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கெட்டிப்படுத்திக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதுவும் புளிப்பை நிறுத்தாது. நுண்ணுயிர் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். குளிருக்குப் பதிலாகப் பிசினை வைத்துக்கொள்ள முடியாது, குளிரோடு சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

புளிப்பு வேறு, கெடுதல் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரைத்த மாவு கிட்டத்தட்ட நடுநிலையில் தொடங்கி, பொங்கி முடியும்போது நல்ல அமிலமாகிவிடுகிறது. தயிரைப் போன்ற இந்த அமிலத்தில் நோய் பரப்பும் பல கிருமிகள் வளரத் திணறும். அதனால் புளித்த மாவு பெரும்பாலும் ருசியைத்தான் கெடுக்கும், உடம்பைக் கெடுக்காது. ஆனால் அமிலம் எல்லாவற்றையும் தடுக்காது. மாவின் மேல் கருப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்தில் திட்டு தென்பட்டாலும், கரண்டியில் எடுக்கும்போது நூல் நூலாக இழுத்தாலும், புளிப்பு வாடைக்குப் பதில் அழுகல் வாடை வந்தாலும் முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது ஆபத்து. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும்.

வாங்கி வந்த பாக்கெட்டை வீட்டில் கையாள்வதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இட்லிக்கென்றால் ஓரத்தைக் கத்தரித்து, பையைப் பிசையாமல், குலுக்காமல், மாவைப் பாத்திரத்தில் சரியவிட வேண்டும். பாதி பையில் தங்கிவிடுகிறதே என்று சப்பாத்தி மாவு போல உருட்டிப் பிழிந்தால் நுரை மொத்தமும் உடைந்துவிடும். சில்லென்ற மாவை அப்படியே தட்டில் ஊற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால், கரைந்திருந்த வாயு மெல்ல வெளிப்பட்டு மாவு லேசாக எழும்பும். குளிர் நீங்கிய மாவுதான் ஆவியில் சீராக உப்பும். மீதியை அதே பையில் சுருட்டி வைப்பதைவிட மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, உடனே ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. திறந்த பைக்கு சீலின் பாதுகாப்பு போய்விட்டது.

இப்போது பையின் முகப்பில் இருக்கும் அந்தப் படத்துக்கு வரலாம். இட்லியும் தோசையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பதால், இரண்டும் ஒரே மாவில் ஒரே நாளில் ஒரே தரத்தில் வரும் என்ற எண்ணம் உண்டாகிறது. மாவின் வாழ்க்கை அப்படி இல்லை. நுரை திடமாக நிற்கும் முதல் ஓரிரு நாள் இட்லிக்கு உரியது. நுரை தளர்ந்து, அமிலம் கூடியிருக்கும் மூன்றாம் நாள் தோசைக்கு உரியது. கல்லில் மெலிதாகப் பரவவும் சிவக்கவும் அப்போதுதான் தோதான பதம். அதற்கும் பிந்திய புளித்த மாவு வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும். ஊரில் பாட்டிமார்கள் அண்டா மாவை வைத்துக்கொண்டு இந்த வரிசையைத்தான் கடைப்பிடித்தார்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதி, மாவு எத்தனை நாள் வரும் என்று சொல்லும். எந்த நாளில் எதைச் சுடுவது என்று சொல்லாது.

மான்குர்த் கடையில் அடுத்த முறை இரண்டு பாக்கெட் எதிரெதிரே இருந்தால், ராத்திரி இட்லி வேண்டுகிறவர் கை சில்லென்று சுருங்கிக் கிடப்பதன் பக்கம் போகட்டும். ஓரத்தை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். உப்பியதுதான் மிச்சமிருக்கிறதென்றால் இட்லிப் பானையை எடுக்க வேண்டாம். தோசைக்கல்லைத் துடைத்து வைப்பது உத்தமம்.